கப்பலின் ஆட்டமும் அதைத் தணிக்கும் வித்தையும்

அமராவதி ஆற்றின் அருகே, எந்தக் கடற்கரைக்கும் நெடுந்தொலைவில் உள்ள மடத்துக்குளத்தில் பிறந்து வளர்ந்த எனக்குச் சமுத்திரம் முதன்முதலாக அறிமுகமானது அதன் அழகினால் அல்ல, அதன் ஆட்டத்தினால்தான். பினாங்கில் கடை வைத்திருந்த தாய்மாமனிடம் என்னை அனுப்புவதென்று வீட்டார் நிச்சயித்து, ஊருக்கு வந்திருந்த அத்தையின் துணையோடு ஓர் ஐப்பசி மாதத்தில் நாகப்பட்டினத்துக்கு ரயிலேற்றினார்கள். கரையிலிருந்து படகில் சென்று, ஆழத்தில் நங்கூரமிட்டிருந்த ‘ரஜூலா’வில் நாங்கள் டெக் பிரயாணிகளாக ஏறினோம். 1926-ல் கிளாஸ்கோவில் கட்டப்பட்டு, பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் கொடியோடு சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று அரை நூற்றாண்டுக்குச் சற்றே குறைந்த காலம் போய் வந்துகொண்டிருந்த அந்தக் கப்பலைப் பற்றிப் பழைய மலேயாக்காரர்கள் இன்றும் பாசத்தோடு பேசுவார்கள். ஆனால் வடகிழக்குப் பருவக்காற்று வீசும் காலத்தில் அதன் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்தவர்கள் எவரும் அதன் பக்கவாட்டு ஆட்டத்தைப் பாசத்தோடு நினைப்பார்கள் என்று நான் நம்பவில்லை.

அத்தை கண்ணைத் திறக்கவே இல்லை. தகரப் பெட்டிகள் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு வழுக்கிச் செல்வதும், யாரோ ஒருவர் எழுந்து அவற்றைக் கயிற்றால் கட்டுவதும், கயிறு தளர்ந்து மீண்டும் அவை புறப்படுவதுமாக இரவு கழிந்தது. எனக்கு என்னவோ வாந்தி வரவில்லை, வேடிக்கைதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது கண்ணில் பட்ட ஒரு விஷயம் பின்னாளில் என் ஜீவனத்தொழிலையே தீர்மானித்தது என்று சொல்லலாம். அலை பெரிதாக வந்தாலும் சிறிதாக வந்தாலும், கப்பல் ஒரு பக்கம் சாய்ந்து மறு பக்கம் போய்த் திரும்புவதற்கு எடுத்துக்கொண்ட நேரம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. சாய்வின் அளவு கூடிக் குறைந்ததே தவிர, தாளம் மாறவில்லை.

அந்தத் தாளத்துக்குக் காரணம் என்னவென்பதைக் கல்கத்தாவில் கப்பல் இயந்திரப் பயிற்சிக்குச் சேர்ந்த பிறகுதான் கற்றேன். கப்பல் சாய்ந்தால் அதை நிமிர்த்தும் வலிமை எவ்வளவு என்பதை ஒரு நீளத்தால் அளப்பார்கள். கப்பல்காரர்கள் அதை ஜி.எம். என்பார்கள். 20 மீட்டர் அகலமுள்ள ஒரு கப்பலுக்கு ஜி.எம். 1 மீட்டர் இருந்தால், அது ஒரு முறை ஆடித் திரும்ப ஏறக்குறைய 16 விநாடி ஆகும். அதுவே 4 மீட்டராக இருந்தால் 8 விநாடியில் வெடுக்கென்று திரும்பிவிடும். ஆகவே, ஸ்திரம் மிகுந்த கப்பலில் பிரயாணம் சுகமாக இருக்கும் என்று எண்ணுவது தவறு. ஸ்திரம் மிகுந்தது விரைந்து திரும்பி உள்ளிருப்போரை உலுக்கி எடுக்கும். குறைந்தது மெல்ல அசையும், ஆனால் அபாயத்துக்கு அருகில் இருக்கும். கப்பல் கட்டுவோர் இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு சமரசம் செய்துகொள்கிறார்கள்.

அலைகளும் தமக்கென ஒரு கால அளவோடு வருகின்றன. அந்தக் கால அளவும் கப்பலின் சொந்தத் தாளமும் பொருந்திவிட்டால்தான் விபரீதம். ஊஞ்சலில் அமர்ந்திருக்கும் குழந்தையை ஒரே தள்ளில் உயரத்துக்கு அனுப்ப எவராலும் முடியாது. ஆனால் அது திரும்பும் தருணம் பார்த்து விரலால் தொட்டுக்கொண்டே இருந்தால், பத்துப் பன்னிரண்டு முறைக்குள் ஊஞ்சல் உத்தரத்தைத் தொடப் பார்க்கும். கடல் கப்பலுக்குச் செய்வதும் இதுதான். கப்பலை இரண்டு மூன்று பாகை மட்டுமே சாய்க்கக்கூடிய அலை, தாளம் பொருந்தித் தொடர்ந்து வந்தால், அதே கப்பலை 20 பாகைக்கு ஆட்டிவிடும். இந்த உண்மையின் மறுபக்கத்தில்தான் நான் எழுத வந்த சாதனங்களின் இரகசியம் முழுவதும் அடங்கியிருக்கிறது. சிறு தள்ளல்கள் தருணமறிந்து சேர்ந்து பெரிய ஆட்டத்தை உண்டாக்கக்கூடுமானால், தருணமறிந்து எதிர்ப்பக்கம் தள்ளும் சிறு விசையாலேயே அந்த ஆட்டத்தை அடக்கவும் கூடும்.

‘ரஜூலா’ போன்ற கப்பல்களில் இதற்கென இருந்த சாதனம் பில்ஜ் கீல் எனப்படும் நீண்ட இரும்புத் தகடு ஒன்றுதான். கப்பலின் வயிறு வளைந்து பக்கமாகத் திரும்பும் இடத்தில், இரு புறமும் நெடுக ஒட்டப்பட்டிருக்கும் இத்தகடு, ஆடும்போதெல்லாம் நீரைக் கலக்கிச் சுழற்றி ஆட்டத்தின் சக்தியில் ஒரு பகுதியைத் தின்றுவிடும். வில்லியம் ஃபிரௌட் என்ற ஆங்கில மேதை 1870-களில் இரண்டு போர்க்கப்பல்களை அருகருகே கடலில் நிறுத்தி, ஒன்றில் மட்டும் இத்தகட்டைப் பொருத்திப் பார்த்து, அதன் பயனை ஐயத்துக்கு இடமின்றி நிரூபித்தார். செலவில்லாதது, பழுதாகாதது, இன்றுவரை பெரும்பாலான கப்பல்களில் இருப்பது. ஆயினும் அது தானாக ஒன்றும் செய்வதில்லை. ஆடினால் எதிர்க்கும், அவ்வளவுதான்.

தானாகச் செய்யும் துடுப்பை நான் முதன்முதலில் பார்த்தது, ஜூனியர் எஞ்சினியராக நியமனம் பெற்றுச் சென்ற ஒரு பிரயாணிக் கப்பலின் உலர்துறையில். நீர் வற்றிய துறையில் இறங்கி நின்று அண்ணாந்து பார்த்தபோது, கப்பலின் நடுப்பகுதியில், வயிற்றின் வளைவிலிருந்து இரு புறமும் விமானத்தின் இறக்கையைப் போன்ற வெட்டுத்தோற்றமுடைய இரண்டு துடுப்புகள் நீண்டிருந்தன. ஒவ்வொன்றும் 6 சதுர மீட்டர் பரப்பு. பின்விளிம்பில் தனியே மடங்கும் ஒரு சிறு தட்டு. வேண்டாத வேளையில் அவற்றை உள்ளே இழுத்துக்கொள்ளக் கப்பலின் பக்கத்தில் அறைகள் இருந்தன. எனக்கு மேலே இருந்த செகண்ட் எஞ்சினியர் தூத்துக்குடிக்காரர். “தம்பி, இவ்வளவு பெரிய கப்பலை இந்தச் சின்ன இறக்கையா பிடித்து நிறுத்துகிறது என்று யோசிக்கிறாயா?” என்று கேட்டார். “ஆமாம் சார்” என்றேன். “அது கப்பலைப் பிடித்து நிறுத்துவதில்லை. ஆட்டம் சேராமல் பார்த்துக்கொள்கிறது. கணக்குப் போட்டுப் பார்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

கணக்குப் போட்டேன். கப்பல் 18 நாட் வேகத்தில் செல்லும்போது, முழுச் சாய்வில் திருப்பிய ஒரு துடுப்பின்மீது நீர் செலுத்தும் தூக்குவிசை சுமார் 27 டன். ஒரு புறத்துத் துடுப்பு மேல்நோக்கியும் மறு புறத்தது கீழ்நோக்கியும் தள்ள, கப்பலின் நடுவிலிருந்து அவை 13 மீட்டர் தூரத்தில் இருப்பதால், இரண்டும் சேர்ந்து உண்டாக்கும் திருப்புவிசை ஏறக்குறைய 700 டன்-மீட்டர். 20,000 டன் எடையும் 1 மீட்டர் ஜி.எம்.மும் உள்ள கப்பலை, அசைவற்ற நீரில் இந்த விசை எவ்வளவு சாய்க்கும் என்று பார்த்தால், வெறும் 2 பாகை! முதலில் எனக்கு ஏமாற்றமாகவே இருந்தது. ஆனால் கப்பலை 20 பாகைக்கு ஆட்டும் அலையும் ஒரு தள்ளலுக்கு இரண்டு மூன்று பாகைக்கு மேல் சாய்ப்பதில்லை என்பதை நினைத்தபோது, செகண்ட் எஞ்சினியர் சொன்னதன் பொருள் விளங்கிற்று. அலையின் ஒவ்வொரு தள்ளலையும் அப்போதைக்கப்போதே பெரும்பாலும் ரத்து செய்துவிட்டால், சேர்வதற்கு மிச்சம் எதுவும் இல்லை.

இதற்கு வேண்டியது பலத்தைக் காட்டிலும் தருணம். கப்பலின் உள்ளே சுழலும் ஜைராஸ்கோப் ஒன்று, கப்பல் எந்தப் பக்கம் எவ்வளவு வேகமாகச் சாயத் தொடங்குகிறது என்பதை உணர்ந்து செய்தி அனுப்ப, எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் யந்திரம் துடுப்பைத் திருப்புகிறது. சாய்ந்து முடிந்த பிறகு நிமிர்த்துவது அதன் வேலையல்ல. அதைக் கப்பலே செய்துகொள்ளும். சாயும் வேகம் எப்போது மிகுதியோ, அதாவது கப்பல் நேராக நிற்கும் நிலையைக் கடந்து மறு பக்கம் இறங்கும் அந்தக் கணத்தில்தான், இறங்கும் பக்கத்துத் துடுப்பு மேல்நோக்கியும் ஏறும் பக்கத்துத் துடுப்பு கீழ்நோக்கியும் முழு விசையோடு தள்ள வேண்டும்.

இந்தத் தருணம் பிசகினால் என்ன ஆகும் என்பதையும் அதே கப்பலில் கண்டேன். உலர்துறையிலிருந்து வெளிவந்தபின், அமைதியான கடலில் ஒரு சோதனை செய்வது வழக்கம். துடுப்புகளையே இயக்கி, அலையில்லாத நீரில் கப்பலை வேண்டுமென்றே ஆட்டுவார்கள். ஆட்டம் ஐந்தாறு பாகைக்கு வந்ததும், அவற்றைத் தணிக்கும் முறைக்கு மாற்றுவார்கள். சரியாக இருந்தால் இரண்டு மூன்று ஊசலுக்குள் கப்பல் அடங்கிவிடும். அன்று அடங்கவில்லை. சாய்வுமானியின் முள் ஐந்தைத் தாண்டி ஏழுக்கும் எட்டுக்கும் போயிற்று. சமையலறையில் பாத்திரங்கள் உருளும் ஒலி கேட்டது. யந்திரத்தில் குறையில்லை, எண்ணெய் அழுத்தமும் சரியாகவே இருந்தது. பழுதுபார்த்த பட்டறையில் ஜைராஸ்கோப்பிலிருந்து வரும் இரண்டு கம்பிகளை இடம் மாற்றி இணைத்துவிட்டிருந்தார்கள். அடக்க வேண்டிய துடுப்பு, அதே விசையோடும் அதே ஒழுங்கோடும் ஆட்டத்துக்கு உரம் போட்டுக்கொண்டிருந்தது. கம்பிகளை மாற்றிப் பொருத்தியதும், முள் இரண்டு ஊசலில் நடுவில் வந்து நின்றது. இப்படி அமைதியான கடலிலேயே கண்டுபிடித்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் அந்தச் சோதனை.

இந்தத் துடுப்புக்கு முன்னோடிகள் உண்டு. 1932-ல் புறப்பட்ட ‘கோன்டே டி சவோயா’ என்ற இத்தாலியக் கப்பல், ஒவ்வொன்றும் நூறு டன்னுக்கு மேற்பட்ட மூன்று மாபெரும் சுழல்சக்கரங்களை வயிற்றில் வைத்து ஆட்டத்தைத் தணிக்க முயன்றது. பலனைவிடப் பளுவும் செலவுமே அதிகம் என்று அம்முறை பெரிய கப்பல்களில் பரவாமல் போயிற்று. ஜப்பானில் மொடோரா என்ற பொறியாளர் 1920-களிலேயே துடுப்பு முறையைச் செய்து பார்த்தார். அதைச் செம்மைப்படுத்திய டென்னி-பிரௌன் துடுப்புகள் 1936-ல் ‘ஐல் ஆஃப் சார்க்’ என்ற சிறு கப்பலில் ஏறின. பெரிய பிரயாணிக் கப்பல்களில் இவற்றை முதலில் பெற்றது, 1950-ல் ஓடத் தொடங்கிய பி. அண்டு ஓ. கம்பெனியின் ‘சூசன்’. பம்பாய்க்கும் கொழும்புக்கும் வந்து, அங்கிருந்து பினாங்கு, சிங்கப்பூர் வழியாகக் கீழ்த்திசைக்குச் சென்ற கப்பல் அது. ஆக, நானும் அத்தையும் தகரப் பெட்டிகளோடு உருண்டு கிடந்த அதே வங்கக் கடலில், அதே காலத்தில், துடுப்பின் உதவியால் மேஜைமீது கோப்பை நகராமல் தேநீர் அருந்தியவர்களும் இருந்தார்கள். அந்தப் பேதம் கடலால் வந்ததல்ல, கட்டணத்தால் வந்தது.

துடுப்புக்கு ஒரு பெரும் குறை உண்டு. அதன் விசை கப்பலின் வேகத்தைப் பொறுத்தது. அதிலும் வேகம் பாதியானால் விசை கால்பங்காகிவிடும். 18 நாட்டில் 27 டன் தந்த துடுப்பு, 9 நாட்டில் ஏழு டன்கூடத் தராது. கப்பல் நின்றுவிட்டால் ஏறக்குறைய ஒன்றுமே தராது. நடுக்கடலில் சுகமாக உண்டு உறங்கி வந்த பிரயாணிகள், துறைமுகத்துக்கு வெளியே பைலட்டுக்காகக் காத்து மிதக்கும் ஒரு மணி நேரத்தில் வரிசையாக வாந்தியெடுப்பதைப் பல முறை பார்த்திருக்கிறேன். நன்றாக ஓடும் வேகத்தில் ஆட்டத்தின் பத்தில் எட்டுப் பங்கைக்கூடக் குறைத்துவிடும் சாதனம் அப்போது இரும்புச் சுமையாகத் தொங்கும். துறைக்குள் நுழையுமுன் அதை உள்ளே இழுத்துக்கொள்ள மறந்தால் சுவரில் மோதி முறியவும் செய்யும்.

மெதுவாகச் செல்லும் சரக்குக் கப்பலுக்கு ஏற்ற வழி வேறு. அதுதான் டாங்கி. கப்பலின் ஆட்டத்துக்கு எதிராகக் கப்பலுக்குள்ளேயே நீரை ஆடவிடும் இந்த யோசனை, பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஆங்கிலப் போர்க்கப்பலான ‘இன்ஃப்ளெக்ஸிபிள்’-இல் சோதிக்கப்பட்டது. பிறகு, 1910-ஐ ஒட்டி, ஹாம்பர்க்கில் ஹெர்மன் ஃபிராம் என்பவர் இரு பக்கத் தொட்டிகளை அடியில் ஒரு குழாயால் இணைத்து, அதைச் செவ்வனே அமைத்துக் காட்டினார். நான் பிற்பாடு வேலை பார்த்த சரக்குக் கப்பலில் இருந்தது ஃபிளூம் என்ற வகை: கப்பலின் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம்வரை குறுக்கே கிடக்கும் ஒரே நீண்ட தொட்டி, நடுவில் நீரின் ஓட்டத்தைச் சற்றே தடுக்கும் இடுக்குகள். துடுப்பும் இல்லை, ஜைராஸ்கோப்பும் இல்லை, எண்ணெயும் இல்லை. உள்ளே உப்புநீர் மட்டும்.

அந்த நீர் ஏன் சரியான தருணத்தில் சரியான பக்கம் போய் நிற்கிறது? நீருக்கும் ஒரு சொந்தத் தாளம் உண்டு. தொட்டியின் அகலமும் நீரின் ஆழமும் அதைத் தீர்மானிக்கின்றன. 20 மீட்டர் அகலத் தொட்டியில் 1 மீட்டர் 13 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நீர் விட்டால், அது ஒரு பக்கம் போய்த் திரும்ப 12 விநாடி ஆகும். 64 சென்டிமீட்டர் மட்டும் விட்டால் 16 விநாடி ஆகும். கப்பலின் தாளமும் நீரின் தாளமும் ஒன்றாக இருக்கும்படி ஆழத்தை வைத்துவிட்டால், நீர் கப்பலைவிடக் கால் ஊசல் பின்தங்கியே வரும். கப்பல் நிமிர்ந்து வலப்புறம் இறங்கும் கணத்தில், நீர் இன்னும் இடப்புறத்தில், அதாவது ஏறும் பக்கத்தில், குவிந்து நின்று தன் பாரத்தால் அதை இழுத்துப் பிடிக்கும். துடுப்பு ஜைராஸ்கோப்பின் உதவியால் அறிந்து செய்ததை, நீர் தன் சோம்பலாலேயே செய்துவிடுகிறது. கப்பல் ஓடினாலும் நின்றாலும் அதற்கு ஒன்றுதான். ஆட்டம் பாதிக்குக் குறைந்துவிடும்.

இதற்கும் விலை உண்டு. எங்கள் டாங்கி 6 மீட்டர் நீளம். 12 விநாடித் தாளத்துக்கு அது கொண்ட நீர் சுமார் 140 டன். 10,000 டன் கப்பலுக்கு இது அற்பம்தான். ஆனால் பக்கத்துக்குப் பக்கம் தடையின்றி ஓடும் நீர் எதுவாயினும் கப்பலின் ஸ்திரத்தைத் தின்னும். எங்கள் கணக்கில் ஜி.எம்.மில் 41 சென்டிமீட்டர் போய்விடும். 1 மீட்டர் 80 சென்டிமீட்டர் ஜி.எம். உள்ளபோது இந்த நஷ்டத்தைத் தாங்கலாம். ஆனால் அடித்தளத்து எண்ணெய் எரிந்து தீர்ந்து, மேல்தளத்தில் மரம் ஏற்றி, ஜி.எம். அரை மீட்டருக்கு வந்திருக்கும் நிலையில் அந்த நீரை உள்ளே வைத்திருப்பவன் தன் கப்பலைத் தானே கவிழ்க்கப் பார்க்கிறான். ஆகவே எங்கள் சீஃப் ஆபீசர் தினமும் காலையில் கையில் கடிகாரத்தோடு நின்று, பத்து ஊசலுக்கு ஆகும் நேரத்தை அளந்து பத்தால் வகுப்பார். நேரம் நீண்டுகொண்டே போனால் ஸ்திரம் குறைகிறது என்று பொருள். உடனே நீரின் ஆழத்தைத் திருத்தச் சொல்வார், எல்லை கடந்தால் டாங்கியைக் காலி செய்யச் சொல்வார். ஆழம் தப்பான டாங்கியைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டியதில்லை. ஆட்டம் குறையாமல், நீர் பக்கச் சுவரில் அறையும் ஓசை மட்டும் இரவெல்லாம் கேட்டால், உள்ளே இருப்பது உதவியல்ல, வெறும் சுமை.

ஓய்வு பெற்று மடத்துக்குளத்துக்கு வந்துவிட்ட என்னிடம், பனியன் துணி ஏற்றுமதி செய்யும் என் மருமகன் ஒருநாள், ஹாம்பர்க்கில் இறங்கிய பெட்டியில் அட்டைகள் நசுங்கியிருந்ததாகச் சொல்லி, “மாமா, பிரயாணிக் கப்பலுக்கு இறக்கை வைத்து ஆட்டத்தை நிறுத்துகிறார்களே, நம் சரக்குக்கு அது கிடையாதா?” என்று கேட்டான். பெரும்பாலும் கிடையாது என்பதே பதில். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கும், கொழும்பிலிருந்து பெரிய கப்பலில் ஐரோப்பாவுக்கும் போகும் கன்டெய்னர்களைச் சுமக்கும் கப்பல்களில் பெரும்பாலானவை பழைய பில்ஜ் கீலை மட்டுமே நம்பியிருக்கின்றன; சிலவற்றில் டாங்கி உண்டு. துடுப்பும் அதன் யந்திரமும் இடத்தை அடைக்கும், எரிபொருளைக் கூட்டும்; பெட்டிக்கு வாந்தி வராது என்று கப்பல்காரர் கணக்குப் பார்க்கிறார்.

ஆனால் பெட்டிக்கும் துன்பம் உண்டு. கப்பல் 12 விநாடித் தாளத்தில் 20 பாகை ஆடும்போது, ஆட்டத்தின் நடுவச்சிலிருந்து 20 மீட்டர் உயரத்தில் அடுக்கிய 20 டன் கன்டெய்னரை, சாய்வும் வீச்சும் சேர்ந்து பக்கவாட்டில் சுமார் 10 டன்னுக்கு மேற்பட்ட விசையோடு தள்ளும். ஆட்டம் 5 பாகையாகக் குறைந்தால் அதே விசை 3 டன்னுக்குள் அடங்கிவிடும். 1998 அக்டோபரில் வடபசிபிக்கில் ‘ஏ.பி.எல். சைனா’ என்ற பெருங்கப்பல் எதிரலையில் சென்றுகொண்டிருந்தபோது, பக்கத்திலிருந்து எவரும் தள்ளாமலே பயங்கரமாக ஆடி, நானூறுக்கும் மேற்பட்ட பெட்டிகளைக் கடலில் இழந்தது. முன்னிருந்து வரும் அலை கப்பலின் நடுவையும் முனைகளையும் மாறி மாறித் தாங்க, நீர்மட்டத்தில் அதன் அகலம் மாறி, ஸ்திரமும் கூடிக் குறைகிறது. அது கப்பலின் சொந்தத் தாளத்தில் பாதி நேரத்துக்கு ஒரு முறை நிகழ்ந்துவிட்டால், ஆட்டம் தானே வளர்கிறது. அன்று கப்பலைக் காப்பாற்றும் முதல் மருந்து துடுப்புமல்ல, டாங்கியுமல்ல. வேகத்தையும் திசையையும் மாற்றித் தாளத்தைக் கலைக்கும் தலைவனின் நிதானமே.

ஆகவே நம் பகுதியின் ஏற்றுமதியாளர்களுக்கு நான் சொல்வது இது. உங்கள் சரக்கை ஏற்றும் கப்பலில் ஆட்டத்தைத் தணிக்கும் சாதனம் ஒன்றும் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். கன்டெய்னருக்குள் அட்டைப்பெட்டிகளுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கை அகலம்கூட இடைவெளி விடாமல் அடுக்குங்கள். விட நேர்ந்தால் அதைக் காற்றுப் பையாலோ மரத்தாலோ அடைத்துவிடுங்கள். கனமான கட்டுகளை அடியில் வையுங்கள். ஆட்டத்தைத் தணிப்பது கப்பல்காரரின் விருப்பம். ஆடினாலும் அசையாதபடி அடுக்குவது மட்டுமே நம் கையில் உள்ளது.